ஈப்போவுக்கு பிளஸ் நெடுஞ்சாலையா, பழைய சாலையா? டோல் காசைக் கணக்குப் போட்டு முடிவெடுக்கும் முறை

கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்குப் போக இரண்டு வழி இருக்கிறது. ஒன்று பிளஸ் நெடுஞ்சாலை. ஜாலான் டூத்தா சாவடியில் நுழைந்து ஈப்போ செலாத்தானில் இறங்கினால் காருக்கு 20, 21 வெள்ளி டோல் ஆகும். இன்னொன்று ரவாங், தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், சுங்காய், பீடோர், தாப்பா, கம்பார், கோப்பெங் என்று ஊர் ஊராகப் போகும் பழைய சாலை, அதாவது கூட்டரசு முதலாம் எண் சாலை. இதில் டோல் கிடையாது.

"நேரம் மிச்சம், அதனால் ஹைவே" என்பார் ஒருவர். "சும்மா இருக்கும் ரோட்டை விட்டு எதற்குக் காசு" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் கணக்குப் போட்டுப் பேசுவதில்லை. போட வேண்டிய கணக்கு ஒன்றே ஒன்றுதான்: டோல் கட்டுவதால் மிச்சமாகும் ஒரு மணி நேரத்துக்கு நாம் என்ன விலை கொடுக்கிறோம்? அந்த விலை தெரிந்துவிட்டால், வண்டியில் இருப்பவர்களுக்கு அது கட்டுமா என்பதைப் பத்து விநாடியில் சொல்லிவிடலாம். 21 வெள்ளி அதிகமா குறைவா என்ற கேள்விக்கு, நேரத்தைப் பக்கத்தில் வைக்காமல் பதிலே கிடையாது.

முதலில் ஒரு கிலோமீட்டருக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள்

பிளஸ் சாலை பெரும்பாலும் மூடிய டோல் முறையில் இயங்குகிறது. நுழையும்போது அட்டையைத் தொடுகிறோம், வெளியேறும்போது ஓடிய தூரத்துக்குக் காசு பிடிக்கிறார்கள். காருக்கு ஒரு கிலோமீட்டருக்கு 13.6 சென்னாக இருந்த கட்டணம், 2020 பிப்ரவரி 1 முதல் 18 விழுக்காடு குறைக்கப்பட்டு 11.15 சென் ஆனது. பழைய கட்டணத்தை மனதில் வைத்துக்கொண்டு இன்னும் பேசுபவர்கள் உண்டு, அதனால் இந்த எண்ணிலிருந்து தொடங்குவது நல்லது. மோட்டார் சைக்கிள்களுக்கு பிளஸில் கட்டணம் இல்லை. அவர்களுக்கு இந்தக் கணக்கே வேண்டாம்.

சரி, ஒரு கிலோமீட்டருக்கு 11.15 சென் கொடுத்து எத்தனை விநாடி வாங்குகிறோம்? நெடுஞ்சாலையில் வேக வரம்பு பெரும்பாலான பகுதிகளில் 110 என்றாலும், லாரிகளும் மழையும் மேடும் சேர்ந்து சராசரி 100 வரும் என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் ஒரு கிலோமீட்டரை 36 விநாடியில் கடக்கிறோம். பழைய சாலையில் சராசரி 60 என்றால் அதே கிலோமீட்டருக்கு 60 விநாடி. ஆக 11.15 சென்னுக்கு 24 விநாடி மிச்சம். இதை மணிக்கணக்குக்கு மாற்றினால் ஒரு மணி நேரத்தின் விலை ஏறத்தாழ 16 வெள்ளி 70 சென்.

பழைய சாலையின் வேகம் மாறும்போது இந்த விலை எப்படித் துள்ளுகிறது என்று பாருங்கள்:

| பழைய சாலையில் சராசரி வேகம் | கிலோமீட்டருக்கு மிச்சம் | மிச்சமாகும் ஒரு மணியின் விலை |
|---|---|---|
| 40 | 54 விநாடி | சுமார் 7.40 வெள்ளி |
| 50 | 36 விநாடி | சுமார் 11.20 வெள்ளி |
| 60 | 24 விநாடி | சுமார் 16.70 வெள்ளி |
| 70 | 15 விநாடி | சுமார் 26 வெள்ளி |
| 80 | 9 விநாடி | சுமார் 44.60 வெள்ளி |

டோல் கட்டணம் மாறவே இல்லை. ஆனால் நேரத்தின் விலை ஏழு வெள்ளியிலிருந்து நாற்பத்து நான்கு வெள்ளி வரை போகிறது. எனவே முடிவைத் தீர்மானிப்பது டோல் சாவடியில் காட்டும் தொகையைவிட, பழைய சாலை அந்த நேரத்தில் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதுதான். இந்த அட்டவணையைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சாலைக்கும் தூரம் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும் இடங்களுக்கு இது அப்படியே பொருந்தும்.

மிச்சமாகும் நேரத்தைச் சரியாக அளப்பது

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். "ஹைவேயில் போனால் இரண்டு மணி நேரம், பழைய சாலையில் நான்கு மணி நேரம்" என்று எப்போதோ கேட்ட எண்ணை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். அந்த நான்கு மணி நேரம் பெருநாளுக்கு முந்தின நாள் யாரோ போன நேரமாக இருக்கலாம்.

வேஸ் அல்லது கூகுள் மேப்பில் வீட்டு வாசலிலிருந்து, போய்ச் சேரும் வீட்டு வாசல் வரை பாதையைப் போடுங்கள். சாவடியிலிருந்து சாவடி வரை மட்டும் பார்த்தால், ஜாலான் டூத்தாவுக்குப் போய்ச் சேரும் நெரிசல் கணக்கில் வராது. பிறகு கூகுள் மேப்பில் `Avoid tolls`, வேஸில் `Avoid toll roads` என்பதை இயக்கிவிட்டு அதே பயணத்தை மறுபடி பாருங்கள். இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இதை இப்போது மட்டும் பார்க்காமல், நீங்கள் கிளம்பப்போகும் கிழமைக்கும் நேரத்துக்கும் போட்டுப் பாருங்கள். கூகுள் அப்போது ஒரே எண்ணாகச் சொல்லாமல் "இவ்வளவு முதல் இவ்வளவு வரை" என்று காட்டும். அந்த இரண்டு எண்களும் வேண்டும், ஏனென்றால் குறைந்தபட்ச மிச்சத்துக்கும் அதிகபட்ச மிச்சத்துக்கும் தனித்தனியாக விலை பார்க்க வேண்டியிருக்கும்.

டோலைத் தவிர் என்று சொன்னவுடன் செயலி சில சமயம் சந்து பொந்தெல்லாம் சுற்றிக்காட்டும். பாதையைப் பெரிதாக்கி, ரவாங் வழியாகத்தான் போகிறதா என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். 2017இல் திறந்த ரவாங் புறவழிச்சாலைக்குக் கட்டணம் கிடையாது. காட்டுக்கு மேலே உயரமான பாலமாகப் போகும் அந்தச் சாலை, ரவாங் டவுன் நெரிசலைத் தாண்டவைக்கிறது. பழைய சாலையைப் பற்றிப் பழைய நினைவிலேயே பேசுபவர்கள் இதைச் சேர்த்துக்கொள்வதில்லை.

சாப்பிட நிற்கும் நேரத்தை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிடுங்கள். தாப்பா ஓய்விடத்தில் தேநீர் குடித்தாலும் பீடோரில் கொய்யா வாங்கினாலும் அது நீங்கள் விரும்பி நின்ற நேரம், சாலை தின்ற நேரம் இல்லை.

பெட்ரோல் எந்தப் பக்கம் சாயும்?

டோலை மட்டும் கூடுதல் செலவாக எடுத்துக்கொண்டால் கணக்கு முழுமையாகாது. பெட்ரோலும் மாறும், ஆனால் எல்லாரும் நினைக்கிற அளவுக்கு இல்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 80இல் போகும்போது இருப்பதைவிட 110இல் ஏறத்தாழ 1.9 மடங்கு. அதனால் நெடுஞ்சாலையில் வேகமாகப் போனால் பெட்ரோல் கூடத்தான் செய்யும். பழைய சாலையில் வேகம் குறைவு, ஆனால் ஒவ்வொரு ஊரிலும் விளக்குக்கு நிற்பதும், மறுபடி கிளம்புவதும், லாரியை முந்த மிதிப்பதுமாக அந்த மிச்சம் கரைந்துபோகும். தூரமும் கொஞ்சம் கூடும்.

மைவி மாதிரி சிறிய காரை எடுத்துக்கொள்வோம். நெடுஞ்சாலை 190 கிலோமீட்டர், நூறு கிலோமீட்டருக்கு 6.5 லிட்டர் என்றால் 12.35 லிட்டர். பழைய சாலை 200 கிலோமீட்டர், 6.2 லிட்டர் என்றால் 12.4 லிட்டர். மானிய விலையில் லிட்டர் 2 வெள்ளி என்று வைத்தால் வித்தியாசம் பத்து சென். இந்தப் பயணத்துக்குப் பெட்ரோலை மறந்துவிடலாம். ஆனால் உங்கள் பயணத்தில் ஒரு வழி இன்னொன்றைவிட 30, 40 கிலோமீட்டர் நீளம் என்றால் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

ஒரு பயணத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

சனிக்கிழமை காலை, சாலை சுமாரான நிலையில் இருக்கிறது. செயலி நெடுஞ்சாலைக்கு 2 மணி 15 நிமிடம் காட்டுகிறது, பழைய சாலைக்கு 3 மணி 45 நிமிடம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் ஒன்றரை மணி நேரம். டோல் 21 வெள்ளி, பெட்ரோல் வித்தியாசம் இல்லை. 21ஐ 1.5ஆல் வகுத்தால் ஒரு மணிக்கு 14 வெள்ளி.

இந்த 14 வெள்ளி காருக்கான விலை. டோல் காருக்குத்தான் ஒழிய ஆளுக்கு இல்லை, ஆனால் நேரம் ஆளுக்கு ஆள் தனியாகப் போகிறது. தனியாகப் போனால் உங்கள் ஒரு மணிக்கு 14 வெள்ளி. கணவன் மனைவி என்றால் ஆளுக்கு 7. நான்கு பேர் என்றால் ஆளுக்கு மூன்றரை வெள்ளி.

இனி உங்கள் நேரத்துக்கு ஒரு மதிப்பு வேண்டும். மாதம் 3,000 வெள்ளி கையில் வாங்குகிறவர், நாளுக்கு எட்டு மணி நேரம் வீதம் 26 நாள் வேலை செய்கிறார் என்றால் ஒரு மணிக்கு 14 வெள்ளி 40 சென் ஆகிறது. ஆனால் சனிக்கிழமை மிச்சமாகும் ஒரு மணிக்கு யாரும் சம்பளம் தரப்போவதில்லை. போக்குவரத்துத் திட்டங்களை மதிப்பிடுபவர்கள், சொந்த வேலையாகப் பயணம் செய்யும் நேரத்துக்குச் சம்பள மதிப்பில் பாதி அளவையோ அதற்குக் கொஞ்சம் கூடவோ வைப்பது வழக்கம். வேலையாகப் போகும் பயணத்துக்கு முழுச் சம்பள மதிப்பு. வீட்டுக் கணக்குக்கும் இது நல்ல அளவுகோல் என்றே நினைக்கிறேன். பாதி என்றால் இவருக்கு 7 வெள்ளி 20 சென்.

இப்போது முடிவு தானாக வந்துவிடும். தனியாக அத்தையைப் பார்க்கப் போகிறார் என்றால், 7.20 மதிப்புள்ள நேரத்துக்கு 14 வெள்ளி கொடுக்கிறார். அவசரம் இல்லையென்றால் பழைய சாலை சரி. இதே சம்பளம் வாங்கும் இரண்டு பேர் போனால் ஆளுக்கு 7, கிட்டத்தட்ட சமம். நான்கு பெரியவர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், நெடுஞ்சாலைதான். வாடிக்கையாளரைப் பார்த்து வேலை முடித்து அன்றே திரும்பும் ஒப்பந்தக்காரருக்கு, மிச்சமாகும் மூன்று மணி நேரத்தில் இன்னொரு வேலை பிடிக்க முடியும் என்றால், தனியாகப் போனாலும் டோல் கட்டுவது லாபம்.

வண்டி ஓட்டுபவரின் நேரத்தை நான் ஒன்றரை மடங்காக எண்ணுவேன். பின் இருக்கையில் தூங்கிக்கொண்டு போகும் ஒரு மணியும், ஒற்றைத் தடத்தில் எதிரே வரும் விளக்கைப் பார்த்துக்கொண்டு ஓட்டும் ஒரு மணியும் ஒன்றில்லை. இரவில், மழையில், வயதானவர் ஓட்டும்போது இதை இரண்டு மடங்காகவே வைக்கலாம். நடுவில் தடுப்புள்ள சாலையில் எதிர்த் திசை வண்டி மோதும் பயம் மிகக் குறைவு. இருட்டில் செம்பனை லாரியை முந்த வேண்டிய நிலைமைதான் பழைய சாலையின் உண்மையான செலவு. இரவு பத்து மணிக்கு மேல் குடும்பத்தோடு போனால் கணக்கைத் தூக்கி வைத்துவிட்டு நெடுஞ்சாலையில் போங்கள் என்றுதான் சொல்வேன்.

மிச்சமாகும் நேரம் பயன்படுமா என்பதையும் பாருங்கள். மாலை மூன்று மணிக்குத்தான் ஓட்டல் அறை கிடைக்கும் என்றால், ஒன்றரைக்கே போய் வாகன நிறுத்துமிடத்தில் உட்கார 21 வெள்ளி கொடுப்பதில் பொருள் இல்லை. மாறாக, மருத்துவமனையில் பத்து மணிக்குச் சீட்டு இருக்கிறது, தவறினால் இன்னும் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்றால், அங்கே கடைசி அரை மணி நேரத்தின் மதிப்பு எந்தச் சம்பளக் கணக்குக்கும் அடங்காது.

பாதிக்கு டோல் கட்டுவது

தூரத்துக்குத் தக்கபடிதான் காசு பிடிக்கிறார்கள் என்பதால், நடுவில் இறங்கி மறுபடி ஏறினாலும் தண்டம் எதுவும் கிடையாது. ஓடிய கிலோமீட்டருக்கு மட்டும் கட்டுகிறோம். இதைப் பலர் யோசிப்பதில்லை.

அட்டவணையை மறுபடி பாருங்கள். ஜாலான் டூத்தாவுக்கு மாற்றாகச் செலாயாங் வழியாக ரவாங் போனால், நெரிசல் நேரத்தில் 40க்கு மேல் சராசரி வருவது கடினம். அங்கே ஒரு மணி நேரத்தை ஏழு வெள்ளி சொச்சத்துக்கு வாங்குகிறோம். மலிவு. அந்தத் துண்டுக்கு டோல் கட்டுங்கள். ஆனால் சிலிம் ரிவர், சுங்காய், பீடோர், தாப்பா பகுதியில் பகலில் பழைய சாலை 70 சராசரி தருகிறது என்றால், அங்கே ஒரு மணியின் விலை 26 வெள்ளி. சிலிம் ரிவரில் இறங்கித் தாப்பாவில் மறுபடி ஏறினால் என்ன?

40 கிலோமீட்டர் என்று வைப்போம். மிச்சமாகும் டோல் 4 வெள்ளி 46 சென். இழக்கும் நேரம் 10 நிமிடம். ஆனால் சந்திப்பிலிருந்து பழைய சாலைக்கு வருவதும், தாப்பாவில் சாவடிக்குத் திரும்புவதும் இன்னொரு ஐந்து நிமிடம் தின்னும். மொத்தம் 15 நிமிடம். இப்போது ஒரு மணியின் விலை 26 அல்ல, 18 வெள்ளிக்குக் கொஞ்சம் கீழே. தனியாகப் பகலில் போகிறவருக்கு இன்னும் இறங்குவது லாபம்தான், ஏனென்றால் அவருடைய கால் மணி நேரத்தின் மதிப்பு 1 வெள்ளி 80 சென். நான்கு பேர் உள்ள காருக்கு அது 7 வெள்ளி 20 சென், எனவே இறங்கக் கூடாது. துண்டு சிறியதாக ஆக ஆக, இறங்கி ஏறும் அந்த ஐந்து நிமிடத்தின் பாரம் கூடும். 20 கிலோமீட்டருக்குக் குறைவான துண்டுக்காக இறங்கினால், தனியாகப் போகிறவருக்குக்கூட ஒரு வெள்ளி அளவுக்குத்தான் லாபம், அந்த அலைச்சலுக்கு அது கட்டாது.

இப்படி இறங்கி ஏறுபவர்கள் ஒவ்வொரு துண்டுக்கும் நுழைந்த அதே டச் அண்ட் கோ அட்டையாலேயே வெளியேற வேண்டும். ஒன்றில் நுழைந்து இன்னொன்றில் வெளியேறப் பார்த்தால் சாவடியில் சிக்கல்தான்.

தினமும் போகிறவர்களுக்கு

அன்றாடம் போய் வருபவருக்கு இரண்டு திசைக்கும் ஒரே முடிவு தேவையில்லை. தஞ்சோங் மாலிம் பக்கம் குடியிருந்து ரவாங் பக்கம் வேலைக்குப் போகிறவருக்கு நெடுஞ்சாலைத் துண்டு 45 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வழிக்கு 5 வெள்ளி, 22 வேலை நாளுக்கு ஒரு திசைக்கு மட்டும் 110 வெள்ளி.

விடியற்காலையில் பழைய சாலை காலியாக இருக்கிறது, சராசரி 70. நெடுஞ்சாலையில் போனால் 11, 12 நிமிடம் மிச்சம். மாதம் முழுக்கச் சேர்த்தால் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல், மணிக்கு 26 வெள்ளி. மாலையில் பழைய சாலை 45க்கு இறங்கிவிடுகிறது, நெடுஞ்சாலையும் 90ஆகக் குறைகிறது. அப்படியும் அரை மணி நேரம் மிச்சம். மாதத்துக்கு 11 மணி நேரம், மணிக்கு 10 வெள்ளி. அதே 110 வெள்ளிக்கு மாலையில் இரண்டரை மடங்கு நேரம் கிடைக்கிறது. காலையில் பழைய சாலை, மாலையில் நெடுஞ்சாலை. இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் இரண்டு வழியிலும் மாறி மாறிப் போய் நேரத்தைக் குறித்தால் போதும். செயலி சொல்வதைவிட உங்கள் கடிகாரம் நம்பகமானது.

டோல் கட்டியும் நேரம் கிடைக்காத நாள்கள்

வெள்ளிக்கிழமை மாலை தலைநகரை விட்டு வெளியேறும்போதும், தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் ஊருக்குத் திரும்பும்போதும் நெடுஞ்சாலைதான் முதலில் அடைக்கும். அங்கே மூன்றரை மணி நேரம், பழைய சாலையில் நான்கு மணி நேரம் என்று வந்தால், மிச்சம் அரை மணி. விலை மணிக்கு 42 வெள்ளி. பெருநாள்களையொட்டிச் சில நாள் அரசு டோல் கழிவு அறிவிப்பதுண்டு. பாதிக் கட்டணம் என்றாலும் மணிக்கு 21 வெள்ளி, சாதாரண சனிக்கிழமையைவிட இன்னும் விலை கூடத்தான். அந்தக் கழிவுக்காகவே எல்லாரும் அந்த இரண்டு நாளில் கிளம்புவதால் மிச்சம் இன்னும் சுருங்கவும் கூடும். இந்த நாள்களில் எந்தச் சாலை என்று யோசிப்பதைவிட, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று யோசிப்பதில்தான் நேரம் கிடைக்கும். விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பக் காசு செலவில்லை.

விபத்து நடந்தால் நிலைமை வேறு. பழைய சாலையில் மாட்டிக்கொண்டால் திரும்பலாம், தோட்டப் பாதை பிடிக்கலாம். நெடுஞ்சாலையில் இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் அசைய முடியாது. எனவே சாவடியில் நுழையும் முன்பும், பிறகு தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், தாப்பா சந்திப்புகள் நெருங்கும்போதும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை வேஸையும், எக்ஸ் தளத்தில் `@plustrafik` பதிவுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த சந்திப்புக்கு அப்பால் சிவப்புக் கோடு பத்துக் கிலோமீட்டருக்கு நீண்டிருந்தால், முந்தின சந்திப்பிலேயே இறங்கிவிடுங்கள். கட்டிய டோல் திரும்பி வராது, ஆனால் அது ஏற்கெனவே ஓடிய தூரத்துக்கானது. முடிவெடுக்க வேண்டியது இனி ஓடப்போகும் தூரத்தைப் பற்றி மட்டும். எல்லாரும் அதே சந்திப்பில் இறங்கினால் பழைய சாலையும் நிரம்பிவிடும் என்பதால், இறங்குவதாக இருந்தால் இரண்டு சந்திப்புக்கு முன்பே இறங்குவது நல்லது.